ரேட்டு கொஞ்சம் ஏறிடுச்சு, நோ டென்ஷன்!

இந்த வாரத் தபாலில் பாதிக்கு மேல் கவர் மெயிலைப் பற்றித்தான். கொட்டேஷனோ சாம்பிளோ இன்வாய்ஸோ கிளையண்டுக்குப் போகும்போது மேலே நாலு வரி எழுதுவோமே, அதுதான். கேட்டவர்களில் பெரும்பாலோர் திருப்பூர்ப் பக்கம் என்பதால் பனியன் வாடை தூக்கலாக இருக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு படிக்கவும்.

'ஹாய் டியர்' என்று ஆரம்பித்தேன். பாசமாகத்தானே இருக்கிறது? என்ன தப்பு?
— மெர்ச்சண்டைசர், திருப்பூர்

'டியர்' என்ற சொல்லுக்குப் பின்னால் பெயர் வந்தால் அது அலுவலகம். பெயர் வராவிட்டால் காதல், அல்லது லாட்டரியில் உங்களுக்கு ஐந்து கோடி விழுந்திருக்கிறது என்று வரும் மோசடி மெயில். பையர் எதை முதலில் சந்தேகிப்பார் என்று நீங்களே முடிவுசெய்துகொள்ளுங்கள்.

சரி, 'ஹே கைஸ்'?
— அதே மெர்ச்சண்டைசர்

அந்தப் பக்கம் இருப்பது ஒரே ஒருவர். அவரும் அம்மணி.

'ரெஸ்பெக்டட் சர்' போட்டுவிட்டால் வம்பே இல்லையே?
— கணக்காளர், கரூர்

லீவு லெட்டருக்கு வம்பில்லை. இங்கிலாந்துக்காரர் அதைப் படித்ததும் தனக்கு ஏதோ பதவி உயர்வு வந்துவிட்டதாக நினைப்பார். 'டியர் மிஸ்டர்' அல்லது 'டியர் மிஸ்', அதன்பின் குடும்பப் பெயர். ஆணா பெண்ணா என்று தெரியவில்லையா? முழுப்பெயரையும் எழுதிவிடுங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள்.

மாமா, இது இங்கிலாந்து பையருக்காக நான் எழுதிய மெயில். "இது மெயிலா, வாட்ஸ்அப்பா?" என்று மேனேஜர் திருப்பிக் கொடுத்துவிட்டார். கொட்டேஷனையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். சரிசெய்து தாருங்கள்.

"ஹாய் டியர், ஹோப் யூ ஆர் டூயிங் குட்!! பிஎஃப்ஏ த நியூ ரேட். யார்ன் ப்ரைஸ் வென்ட் க்ரேஸி, சோ வீ ஹேட் டு பம்ப் இட் அப் எ பிட். பிபி சாம்பிள் ஆல்சோ சென்ட், ஹோப் யூ வில் லவ் இட். ஷிப்மென்ட் மே பி லிட்டில் லேட், நோ டென்ஷன். ப்ளீஸ் ரிவர்ட் ஏஎஸ்ஏபி. தேங்ஸ் எ டன்!!"
— ஜூனியர் மெர்ச்சண்டைசர், அவிநாசி

மேனேஜருக்குக் கோயில் கட்டு கண்ணு. நான் பனியனை உள்ளும் புறமும் திருப்பிப் பார்ப்பதுபோல இதைத் திருப்பிப் பார்க்கிறேன். தையல் எங்கே விட்டிருக்கிறது என்று தெரியும்.

நீ மரியாதை இல்லாமல் எழுதிவிட்டாய் என்று மேனேஜர் நினைக்கிறார். நான் அப்படி நினைக்கவில்லை. இந்த மெயிலில் கொச்சைச் சொல் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு எண்ணோ தேதியோ பதுங்கியிருக்கிறது. கொச்சையை எடுத்துவிட்டு அங்கே ஒரு பட்டுச்சொல்லை வைத்தால் பதுங்கியது பதுங்கியபடியே இருக்கும். அதைக் காதைப் பிடித்து வெளியே இழுக்க வேண்டும்.

'பம்ப் இட் அப் எ பிட்' என்கிறாய். கொட்டேஷனைப் பார்த்தேன். பழைய விலை பீஸுக்கு 3.10 டாலர், புதியது 3.25. ஆர்டர் 12,000 பீஸ். உன் 'எ பிட்' 1,800 டாலர் கண்ணு. இதைக் கணக்குப் போட அந்தம்மாவுக்கு அரை நிமிடம் ஆகும். அதற்கப்புறம் உன்னுடைய எல்லா 'எ பிட்'டையும் அவர் கால்குலேட்டரோடுதான் படிப்பார்.

'யார்ன் ப்ரைஸ் வென்ட் க்ரேஸி.' நூலுக்குப் பைத்தியம் பிடிக்காது, விலைதான் ஏறும். எந்த நூல்? 30ஆம் நம்பர் கோம்டு என்று கொட்டேஷனிலேயே இருக்கிறதே. மில் எந்தத் தேதியில் ஏற்றியது, கிலோவுக்கு எவ்வளவு என்று ஒரு வரி போட்டால் அது காரணம். போடாவிட்டால் அது புலம்பல்.

'ஹோப் யூ வில் லவ் இட்.' அவர் காதலிப்பதற்காக பிபி சாம்பிள் கேட்கவில்லை. டேப் வைத்து அளப்பார். போன முறை கழுத்து ரிப் அகலம் என்று குறை சொன்னாராமே, அதைக் குறைத்தாயா இல்லையா? குறைத்தாய் என்றால் அதைத்தான் எழுத வேண்டும், அளவையும் சேர்த்து.

'லிட்டில் லேட்' என்பது ஏழு நாள். 18 நவம்பர் என்று ஒப்புக்கொண்டது 25 ஆகிறது. இடையில் ஒரு கப்பல் போய்விடும். அவர் தன் கிடங்கில் இறக்குவதற்கு இடம் பிடித்து வைத்திருப்பார். அதை மாற்ற வேண்டும். 'நோ டென்ஷன்' என்று நீ எழுதும்வரை அவருக்கு டென்ஷனே இல்லை.

'ரிவர்ட் ஏஎஸ்ஏபி.' எப்போதுக்குள், எதற்காக? பிபி சாம்பிளுக்கு ஒப்புதல் வராமல் கட்டிங் டேபிளில் துணி ஏறாது. 14 அக்டோபருக்குள் வந்தால்தான் 25 நவம்பருக்குச் சரக்கு கிளம்பும். இந்தச் சங்கிலியை நீ சொல்லவே இல்லை; விரட்ட மட்டும் செய்கிறாய்.

இனி திருத்திய மெயில். ஆங்கிலத்தில் நீ எழுது, பொருளை நான் தருகிறேன்.

தலைப்பில்: 'ஆர்டர் எண், திருத்திய கொட்டேஷன், பிபி சாம்பிள்: 14 அக்டோபருக்குள் ஒப்புதல் தேவை.' உள்ளே: 'டியர் மிஸ் இன்னார். திருத்திய கொட்டேஷனை இணைத்திருக்கிறேன். விலை பீஸுக்கு 3.10 டாலரிலிருந்து 3.25 ஆகிறது, எஃப்ஓபி தூத்துக்குடி. 30ஆம் நம்பர் கோம்டு நூலின் விலையேற்றம் காரணம். மில்லின் விலைப்பட்டியலும் இணைப்பில் உள்ளது. பிபி சாம்பிள் இன்று கூரியரில் கிளம்பியது, கண்காணிப்பு எண் கீழே. நீங்கள் கேட்டபடி கழுத்து ரிப் குறைக்கப்பட்டுள்ளது, புதிய அளவு கீழே. இரண்டுக்கும் உங்கள் ஒப்புதல் 14 அக்டோபருக்குள் கிடைத்தால் 25 நவம்பர் அன்று அனுப்புவோம். இது முதலில் சொன்ன தேதிக்கு ஒரு வாரம் பின்னால், அதற்கு வருந்துகிறோம்.' அவ்வளவுதான். 'கைண்ட் ரிகார்ட்ஸ்', பெயர், போன்.

கொச்சை ஒன்றுகூட இல்லை. கவனித்தாயா, ஆடம்பரச் சொல்லும் ஒன்றுகூட இல்லை. விலையேற்றத்தை மேலேயே வைத்திருக்கிறேன், அது தற்செயல் அல்ல. சாம்பிளைப் புகழ்ந்து, வானிலை விசாரித்து, கடைசி வரியில் விலையைச் சொருகுபவனைப் பையர்கள் நன்றாக அறிவார்கள்.

மெயிலில் 'பிஎஃப்ஏ' போடாமல் எப்படி இருப்பது? விரல் பழகிவிட்டது.
— கம்ப்யூட்டர் ஆபரேட்டர், பல்லடம்

'ப்ளீஸ் ஃபைண்ட் அட்டாச்டு' என்பதன் சுருக்கம் என்று நமக்குத் தெரியும். லண்டனில் புதிதாகச் சேர்ந்த பெண் அதைக் கூகுளில் தேடினால், வேதிப்பொருள், கால்பந்துச் சங்கம் என்று ஊர் சுற்றிவிட்டு வருவார். 'கொட்டேஷன் இஸ் அட்டாச்டு' என்று மூன்று சொல் எழுதுங்கள். எந்தக் கோப்பு என்று பெயர் சொல்லியும் ஆயிற்று. அவர் தேடிக் கண்டுபிடிக்க அது ஒன்றும் புதையல் அல்ல.

'ப்ளீஸ் ரிவர்ட்' தப்பு என்கிறார்கள். எங்கள் ஆபீஸில் முப்பது வருடமாக ரிவர்ட்தான்!
— ஏற்றுமதி நிறுவன மேலாளர், ஈரோடு

இந்தியாவில் தப்பில்லை, நம் ஊர் ஆங்கிலத்தில் அதற்குப் 'பதில் எழுது' என்று பொருள் வந்துவிட்டது, அகராதிகளும் ஒப்புக்கொண்டுவிட்டன. ஆனால் பெரும்பாலான பிரிட்டிஷ்காரருக்கும் அமெரிக்கருக்கும் ரிவர்ட் என்றால் பழைய நிலைக்கே திரும்புவது.

இப்போது உங்கள் மெயிலை அவர் கண்ணால் படியுங்கள். 'புதிய விலை அனுப்பியிருக்கிறேன், ப்ளீஸ் ரிவர்ட்.' அவர் மனமுவந்து பழைய விலைக்கே திரும்பிவிடுவார். நீங்களே கேட்டுக்கொண்டீர்களே ஐயா!

'ஐ ஹேவ் எ டவுட் இன் யுவர் பேமென்ட்' என்று எழுதினேன். கிளையண்ட் கோபித்துக்கொண்டார். டவுட் கேட்பது குற்றமா?
— அக்கவுண்ட்ஸ் பெண், கோவை

வகுப்பில் கையைத் தூக்கி டவுட் கேட்டு வளர்ந்த நாடு இது. அங்கே அந்த வாக்கியம் 'நீ பணம் தருவாயா என்று எனக்கு நம்பிக்கையில்லை' என்று விழும். 'க்வெஸ்ச்சன்' என்று மாற்றுங்கள், 'இன்வாய்ஸில் இரண்டாவது வரியைப் பற்றி' என்று இடத்தையும் காட்டுங்கள். அப்புறமும் பணம் வராவிட்டால் பழைய வாக்கியத்தை எடுத்துக்கொள்ளலாம்.

'கைண்ட்லி இன்டிமேட்'?
— பெயர் வேண்டாம், சேலம்

நல்லவேளை, பெயர் வேண்டாம் என்றீர்கள். 'லெட் அஸ் நோ' போதும்.

கொச்சையை எல்லாம் எடுத்துவிட்டேன் மாமா. இப்போது இப்படி இருக்கிறது: 'வித் ரெஃபரன்ஸ் டு யுவர் எஸ்டீம்டு என்கொயரி, வீ பெக் டு சப்மிட் ஹியர்வித் அவர் மோஸ்ட் காம்பெட்டிட்டிவ் ஆஃபர் ஃபார் யுவர் கைண்ட் பெருசல் அண்ட் நீட்ஃபுல்.' எப்படி?
— பாலிடெக்னிக் பட்டதாரி, ஓசூர்

கூவத்திலிருந்து எழுந்து நேராக அரண்மனைக்குள் போய் விழுந்திருக்கிறீர்கள். நடுவில் ஒரு தெரு இருக்கிறது, அங்கேதான் ஜனங்கள் வசிக்கிறார்கள்.

இந்த நடை வெள்ளைக்காரன் நமக்குக் கொடுத்தது. அவன் விட்டுவிட்டான், நாம் விடவில்லை. 'நீட்ஃபுல்' என்றால் தேவையானதைச் செய் என்று பொருள். எது தேவை என்று சொன்னால்தானே செய்வான்? 'படிவத்தில் கையெழுத்திட்டு அனுப்பவும்' என்றால் செய்துவிடுவான்.

கொச்சையைப் போலவே இந்தப் பட்டாடையும் எண்ணை மறைக்கும். 'மோஸ்ட் காம்பெட்டிட்டிவ்' என்பது விலை அல்ல, விலைக்குப் போட்ட மாலை.

'சீப் ரேட்' என்று போடலாமா? வாங்குபவருக்குப் பிடித்த சொல்லாச்சே.
— சாயப்பட்டறை உரிமையாளர், பெருந்துறை

'சீப்' என்பது விலைக்கும் ஒட்டும், சரக்குக்கும் ஒட்டும். முதல் தடவை துவைத்ததும் எதற்கு ஒட்டியது என்று தெரிந்துவிடும். விலையை எண்ணால் எழுதுங்கள். மலிவா இல்லையா என்று அவரே கண்டுகொள்வார், அதற்குத்தானே அவருக்குச் சம்பளம்.

கொட்டேஷன் மெயிலில் ஒரு சின்ன ஸ்மைலி? நட்பாக இருக்குமே.
— மார்க்கெட்டிங் தம்பி, மதுரை

:-) என்ற அந்தக் கோலத்தை 1982 செப்டம்பரில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் ஃபால்மன் முன்வைத்தார். எதற்கு? 'மேலே எழுதியது ஜோக், சீரியஸாக எடுத்துக்கொள்ளாதே' என்று அடையாளம் காட்ட.

விலைக்குப் பக்கத்தில் அதைப் போட்டுப் பாருங்கள். அதைக் கண்டுபிடித்தவர் சொன்னபடியே எதிர்ப்பக்கம் உங்களைப் புரிந்துகொள்ளும்.

'ஓஎம்ஜி' எல்லாம் இந்தக் காலத்துப் பிள்ளைகள் கெடுத்தது. சரிதானே?
— ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், தஞ்சாவூர்

1917இல் பிரிட்டிஷ் அட்மிரல் ஃபிஷர் பிரபு, சர்ச்சிலுக்கு எழுதிய கடிதத்தில் அதைப் போட்டார் ஐயா. அப்போது அவருக்கு வயது 76. பிள்ளைகளை விட்டுவிடுங்கள். அவருக்குக் கப்பற்படை இருந்தது, என்ன வேண்டுமானாலும் எழுதலாம். நமக்கு இருப்பது ஒரு கண்டெய்னர், அதுவும் வாடகை.

கிளையண்ட் ஒரு திருத்தம் கேட்டு எழுதினார். 'டன் டன் டன்' என்று பதில் போட்டேன். இப்போது அதை வைத்தே பிடிக்கிறார். வாய்தவறி வந்ததை ஒப்பந்தம் என்பாரா?
— சிறுதொழில் அதிபர், ஹோசூர் ரோடு

வாய்தவறவில்லை, விரல்தவறியது. விரலுக்குச் சட்டத்தில் மதிப்பு உண்டு.

பாக்சைட் வாங்கும் பேரம் ஒன்று மெயிலிலேயே நடந்து முடிந்தது. பிறகு ஒரு தரப்பு, 'முறையான ஒப்பந்தப் பத்திரத்தில் கையெழுத்தாகவில்லையே' என்று நழுவப் பார்த்தது. மெயிலில் முன்மொழிந்து மெயிலில் ஏற்றபின் பத்திரம் வராதது ஒரு சாக்காகாது என்று 2010இல் நம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கனடாவில் இன்னும் ஒருபடி மேல். ஆளி விதை விற்கும் விவசாயி ஒருவருக்கு ஒப்பந்தத்தைப் போனில் படமெடுத்து அனுப்பினார்கள். அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் எமோஜி போட்டார். விதை வரவில்லை. அந்தக் கட்டைவிரலே கையெழுத்து என்று 2023இல் தீர்ப்பாகி, சுமார் 82,000 கனடா டாலர் கட்டச் சொன்னார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்தான் கட்டைவிரல் வைப்பார் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஆகவே 'டன்' வேண்டாம். 'திருத்தத்தைப் பார்த்தேன், விலையில் என்ன மாற்றம் என்று 9 அக்டோபரன்று சொல்கிறேன்' என்றால் நீங்கள் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை, அவரும் காத்திருப்பார்.

'ஓகே' மட்டுமாவது விட்டுவைப்பீர்களா?
— அதே சிறுதொழில் அதிபர்

1839இல் பாஸ்டன் பத்திரிகை ஒன்று 'ஆல் கரெக்ட்' என்பதை வேண்டுமென்றே தப்பாக எழுத்துக்கூட்டி விளையாடியதில் பிறந்தது அது. பிறவியிலேயே ஜோக், இப்போது கௌரவப் பிரஜை. ஆனால் 'எதற்கு ஓகே' என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மூன்று கேள்வி கேட்ட மெயிலுக்கு ஒரு ஓகே என்பது, மூவரில் யாருக்குக் கல்யாணம் என்று சொல்லாமல் பத்திரிகை அடிப்பது.

'இன்று ஈஓடிக்குள் அனுப்புகிறேன்' என்றேன். ஆறு மணிக்கு அனுப்பினேன். சீக்கிரம் வந்துவிட்டதே என்று பாராட்டினார்கள்! புரியவில்லை.
— டிசைனர், திருப்பூர்

குளிர்காலத்தில் லண்டன் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால், கோடையில் நாலரை. உங்கள் மாலை ஆறு அவருக்கு மதியச் சாப்பாட்டு நேரம். அவருடைய நாள் முடிய நம் இரவு பதினொன்று ஆகும்.

இந்த முறை லாபம். அடுத்த முறை அவர் 'ஈஓடிக்குள் தருகிறேன்' என்பார், நீங்கள் ஆறு மணியிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். மணியை எழுதுங்கள், யாருடைய மணி என்பதையும் எழுதுங்கள்.

தேதியை 05/11 என்று சுருக்கமாகப் போட்டால் அதுவும் கொச்சையா?
— லாஜிஸ்டிக்ஸ் ஊழியர், தூத்துக்குடி

கொச்சை இல்லை, கண்ணிவெடி. லண்டனில் அது நவம்பர் 5, நியூயார்க்கில் மே 11. மாதத்தை எழுத்தில் எழுத ஐந்து விரல்தான் செலவு. அதோடு 1,00,000 பீஸ் என்று நம் வழக்கப்படி காற்புள்ளி வைக்காதீர்கள். அவர்கள் 100,000 என்றுதான் படித்துப் பழகியவர்கள். உங்களுடையதைப் பார்த்து ஒரு சைபர் விட்டுப்போச்சோ என்று விழிப்பார்கள். லட்சம் என்று எழுதினாலும் விழிப்பார்கள், கோடி என்றால் மயங்கியே விழுவார்கள்.

'வி வில் ட்ரை அவர் லெவல் பெஸ்ட்' பணிவான வாக்கியம்தானே?
— புரொடக்ஷன் மேனேஜர், காங்கேயம்

பணிவானதுதான். 'நடக்காது' என்பதற்கு இதைவிடப் பணிவான வாக்கியம் கிடையாது.

'ப்ளீஸ் அட்ஜஸ்ட்' என்று எழுதினேன். 'வாட் டு அட்ஜஸ்ட்?' என்று பதில் வந்தது.
— பேக்கிங் பிரிவு, அவிநாசி

பஸ்ஸில் மூவர் சீட்டில் நாலாவது ஆளாக உட்காரும்போது இந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவைப்படாது. வெளிநாட்டுக்காரர் அந்த பஸ்ஸில் ஏறியதில்லை. 200 பீஸ் குறைவாக அனுப்ப வேண்டியிருக்கிறதென்றால் '11,800 பீஸ் அனுப்புகிறோம், இன்வாய்ஸ் அதற்கே' என்று எழுதுங்கள். ஒப்பந்தத்தில் எத்தனை சதவீதம் கூடக்குறைய அனுமதி என்று பார்த்துவிட்டு எழுதினால் இன்னும் உத்தமம்.

ஷேடு கொஞ்சம் மாறிவிட்டது. 'ஷேடு இஸ் கைண்டா ஆஃப்' என்பதை நாகரிகமாக எப்படிச் சொல்வது?
— சாயப்பட்டறை சூப்பர்வைசர், பெருந்துறை

நாகரிகம் அப்புறம். எவ்வளவு மாறியிருக்கிறது? கிரே ஸ்கேல் என்று சாம்பல் நிறப் பட்டை ஒன்று உங்கள் லேபிலேயே கிடக்கும். ஒப்புதல் வாங்கிய லேப் டிப்பையும் இந்த லாட்டையும் அதோடு வைத்துப் பாருங்கள். 5 என்றால் வித்தியாசமே இல்லை, 1 என்றால் தலையில் துண்டு. உங்களுடையது 3-4 என்று வைத்துக்கொள்வோம்.

'நேவி நிறத்தில் இரண்டாவது லாட், 400 கிலோ, லேப் டிப்பிலிருந்து மாறியுள்ளது, கிரே ஸ்கேலில் 3-4. துண்டு வெட்டி அனுப்பியிருக்கிறோம். ஏற்பீர்களா, மறுசாயம் போடவா? மறுசாயம் என்றால் ஐந்து நாள் கூடும்.' இதில் மன்னிப்பு எங்கே என்று கேட்பீர்கள். கடைசியில் ஒரே ஒரு 'சாரி' வையுங்கள். மூன்று சாரி வைத்தால் அவர் மூன்று லாட்டைச் சந்தேகப்படுவார்.

கிளையண்ட் எனக்கு 'சியர்ஸ் மேட்' என்று எழுதுகிறார். நானும் 'மேட்' போடலாமா?
— சாப்ட்வேர் தம்பி, சென்னை

அவர் பணம் கொடுப்பவர், சட்டையைக் கழற்றிப்போட்டு உட்காரலாம். நீங்கள் மேல் பட்டனை மட்டும் கழற்றுங்கள். அதாவது அவர் 'மேட்' என்றால் நீங்கள் அவர் முதல் பெயரைச் சொல்லலாம், 'சியர்ஸ்' என்றால் 'தேங்க்ஸ்' என்று முடிக்கலாம். எப்போதும் ஒரு படி பின்னால்.

இன்னொன்று, மெயில் அவரோடு நிற்காது. உங்கள் 'மேட்' மெயிலை அவர் தன் நிதி அதிகாரிக்கு அப்படியே தள்ளிவிடுவார். அந்த அதிகாரி உங்களுக்கு மேட் அல்ல.

ஜெர்மனியிலிருந்து எனக்கு எழுதும்போதெல்லாம் என் அப்பா பெயரைச் சொல்லி 'டியர் மிஸ்டர்' என்கிறார்கள். அப்பா எலக்ட்ரீஷியன்.
— க்வாலிட்டி கன்ட்ரோலர், கோவை

கையெழுத்தில் அப்பா பெயரை விரித்துக் கடைசியில் எழுதியிருப்பீர்கள். கடைசிச் சொல்தான் குடும்பப் பெயர் என்பது அவர்கள் வழக்கம். இனிஷியலை ஓர் எழுத்தாக முன்னால் போடுங்கள். அதுவரை அப்பாவுக்கு ஏற்றுமதித் துறையில் நல்ல பெயர்.

தமிழ்க் கிளையண்டுக்கு மெயில். 'அண்ணே, கொட்டேஷன் போட்டாச்சு, பாத்துட்டு சொல்லுங்க' என்று எழுதுகிறேன். அவரும் அண்ணன்தான், பத்து வருடப் பழக்கம்.
— பிரிண்டிங் பிரஸ், சிவகாசி

போனில் அண்ணே என்றே கூப்பிடுங்கள், மாற்றினால்தான் சண்டை வரும். மெயிலில் 'அண்ணன் அவர்களுக்கு வணக்கம்' என்று உறவையும் வையுங்கள், மரியாதையையும் வையுங்கள். அடுத்த வரியில் காலண்டர் எத்தனை, தாள் எத்தனை ஜிஎஸ்எம், விலை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு.

'போட்டாச்சு' என்பதில் எதைப் போட்டோம் என்பது இல்லை. மூன்று மாதம் கழித்து முன்பணத்தில் தகராறு வரும்போது அண்ணன் மெயிலைத்தான் தேடுவார், பாசத்தை அல்ல.

'இத்துடன் இணைத்துள்ளேன்' என்று எழுதி, இணைக்காமல் அனுப்பிவிட்டேன். மெயிலைத் திரும்ப இழுக்க முடியுமா?
— அவசரக்காரி, திருச்சி

ஜிமெயிலில் அதிகபட்சம் 30 விநாடிவரை நிறுத்த வழியுண்டு. அமைப்புகளில் போய் அந்த 30ஐத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தால். அவுட்லுக்கில் திரும்பப் பெறும் வசதி ஒரே நிறுவனத்துக்குள்தான் வேலை செய்யும், கிளையண்டிடம் செல்லாது. 'கோப்பு விட்டுப்போயிற்று, இதோ' என்று ஒரு வரியோடு மறுபடி அனுப்புங்கள். 'ஊப்ஸ், மை பேட்' வேண்டாம். 'ஊப்ஸ்' சொல்லும் வயதில் யாரும் இன்வாய்ஸ் போடுவதில்லை.

'கென்டில் ரிமைண்டர்' மூன்று முறை அனுப்பிவிட்டேன். நாலாவதுக்கு என்ன தலைப்பு?
— கணக்காளர், கரூர்

இன்வாய்ஸ் எண், தொகை, எத்தனை நாள் தாண்டியது. அந்த மூன்று மெயிலின் மென்மையும் அதற்குள் வந்துவிடும்.

எல்லோர் மெயிலையும் நோண்டுகிறீர்களே, நீங்கள் மட்டும் 'தலையில் துண்டு', 'கண்ணு' என்று கொச்சையாக எழுதலாமா?
— நெடுநாள் வாசகர், கும்பகோணம்

நான் உங்களுக்கு எதையும் விற்கவில்லை ஓய். என் கிளையண்ட் ஆசிரியர்தான். அவருக்கு எழுதும்போது நானும் கட்டுரை எண், தொகை, தேதி என்று பதமாகத்தான் எழுதுகிறேன். 'விரைவில்' என்று பதில் போடுகிறார்.